நீங்கள் போடாத ஓடர் உங்கள் கணக்கில் வந்தால்: கணக்கை மீட்பதும் காசைத் திருப்பி எடுப்பதும்

களுவாஞ்சிகுடியில் சிறிய தையல் கடை ஒன்று வைத்திருக்கிறேன். லேஸ், சிப், பிளவுஸ் கொக்கி போன்ற சில்லறைச் சாமான்களை வெளிநாட்டு ஷொப்பிங் செயலி ஒன்றில் எடுப்பது வழக்கம். அடிக்கடி எடுப்பதால் டெபிட் அட்டையையும் அதிலேயே பதிந்து வைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்குப் போனை எடுத்துப் பார்த்தால் மின்னஞ்சல் பெட்டியில் 412 புதிய கடிதங்கள். எல்லாம் நான் கேள்விப்படாத கடைகளிலிருந்து வந்தவை. "எங்கள் செய்திமடலில் இணைந்ததற்கு நன்றி" என்ற ஒரே விஷயம், ஏழெட்டு மொழிகளில். ஏதோ விளம்பரத் தொல்லை என்று எல்லாவற்றையும் ஒரேயடியாக அழிக்கப் போனேன். விரலால் தள்ளிக்கொண்டு வரும்போது நடுவில் எனக்குத் தெரிந்த செயலியின் பெயர் கண்ணில் பட்டது. "உங்கள் ஓடர் உறுதிசெய்யப்பட்டது." அதற்குக் கீழே இன்னொன்று. இரவு 1.52க்கு 50 டொலர் பரிசு அட்டை, 1.55க்கு 118 டொலர் கைக்கடிகாரம்.

அந்த 412 கடிதங்களும் தற்செயலாக வந்தவை அல்ல. கணக்குக்குள் நுழைந்தவன், ஓடர் கடிதம் என் கண்ணில் படக்கூடாது என்பதற்காக என் முகவரியை நூற்றுக்கணக்கான தளங்களில் பதிந்து விட்டிருக்கிறான். உங்கள் பெட்டியிலும் திடீரென்று இப்படிக் கடிதங்கள் கொட்டினால் எதையும் அழிக்காதீர்கள். தேடல் பெட்டியில் உங்கள் ஷொப்பிங் செயலியின் பெயரையும் வங்கியின் பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

காசு முழுவதும் எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் இரண்டு மாதம் எடுத்தது, நடுவில் சில பிழைகளும் விட்டேன். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும். அந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

1. கடிதத்தை நம்பாமல் செயலிக்குள் போய்ப் பாருங்கள்

ஓடரே இல்லாமல், ஓடர் வந்தது போலக் கடிதம் அனுப்பும் கள்ளர்களும் இருக்கிறார்கள். "இது நீங்கள் இல்லையென்றால் ரத்துச் செய்ய இங்கே அழுத்துங்கள்" என்று ஓர் இணைப்பு இருக்கும். பதற்றத்தில் அழுத்தினால் போலிப் பக்கம் திறக்கும். அதில் பாஸ்வேர்டையும் அட்டை இலக்கத்தையும் நாமே எழுதிக் கொடுத்துவிடுவோம். ஆகவே கடிதத்தில் எதையும் தொடாமல், போனில் உள்ள செயலியை நேரே திறந்து ஓடர் பட்டியலைப் பாருங்கள்.

பட்டியலில் காணவில்லை என்றால் உடனே நிம்மதிப்பட வேண்டாம். சில செயலிகளில் ஓடரை மறைத்து வைக்கும் வசதி உண்டு, `Archived orders` என்று இருக்கும். அங்கேயும் பாருங்கள். முகவரிப் பட்டியலில் தெரியாத முகவரி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். என் கணக்கில் வெளிநாட்டுக் கிடங்கு ஒன்றின் முகவரி புதிதாக ஏறியிருந்தது.

வீட்டில் உள்ளவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். பிள்ளைகள் உங்கள் போனில் விளையாடும்போது அழுத்திய ஓடர் என்றால் அது களவு இல்லை. அதைக் களவு என்று வங்கியில் எழுதிக் கொடுத்தால் பிறகு சிக்கல் உங்களுக்குத்தான்.

2. அட்டையை நிறுத்துங்கள்

இது இரண்டு நிமிட வேலை. வங்கியின் செயலியில் அட்டையைத் தற்காலிகமாகப் பூட்டும் வசதி இருந்தால் அதைச் செய்யுங்கள். இல்லையென்றால் அட்டையின் பின்பக்கம் உள்ள இலக்கத்துக்கு அழையுங்கள். அது 24 மணி நேரமும் வேலை செய்யும். கிளை திறக்கட்டும் என்று திங்கட்கிழமை வரை பொறுத்திருக்காதீர்கள்.

அழைத்தால் மூன்று விஷயம் கேளுங்கள். அட்டையை நிரந்தரமாக நிறுத்தச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கம் ஒன்று வாங்கி எழுதி வையுங்கள். இதுவரை போன தொகைகளை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லுங்கள். நாம் பார்த்த ஓடர்களைவிட அதிகமாக இருக்கக்கூடும்.

இங்கே பலர் ஒன்றைத் தப்பாக விளங்கிக்கொள்கிறார்கள். அட்டையை நிறுத்தினால் இனிமேல் போகும் காசுதான் நிற்கும். ஏற்கனவே அனுமதி பெற்றுவிட்ட தொகை அட்டை செத்த பிறகும் கணக்கிலிருந்து கழியும். எனக்கும் அப்படித்தான் கழிந்தது. அதைத் திருப்பி எடுப்பது வேறு வேலை, கீழே வருகிறது.

இன்னொரு பொறி: வங்கியின் இலக்கத்தையோ ஷொப்பிங் நிறுவனத்தின் இலக்கத்தையோ கூகுளிலும் பேஸ்புக்கிலும் தேடி எடுக்காதீர்கள். போலி கஸ்டமர் கேர் இலக்கங்கள் அங்கே நிறைய இருக்கின்றன. எங்கள் ஊரில் ஒரு தம்பி அப்படி எடுத்த இலக்கத்துக்கு அழைத்தார். எதிர்முனையில் நல்ல மரியாதையாகப் பேசி, போனில் ஒரு செயலியை ஏற்றச் சொன்னார்களாம். அது அவருடைய திரையை அவர்கள் பார்க்கும் செயலி. வங்கி ஊழியர் யாரும் உங்கள் ஓடிபி இலக்கத்தைக் கேட்க மாட்டார். கேட்டால் வைத்துவிடுங்கள்.

3. படம் பிடித்த பிறகு ரத்துச் செய்யுங்கள்

கள்ளன் போட்ட முகவரியைக் கண்டவுடன் அழிக்கக் கை துடிக்கும். அழிக்காதீர்கள். பிறகு வங்கிக்கும் பொலிசுக்கும் காட்ட அதுதான் சாட்சி. முதலில் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள்: ஓடர் இலக்கம், நேரம், பொருள், தொகை, அனுப்பும் முகவரி, உறுதிப்படுத்திய கடிதம், வங்கியிலிருந்து வந்த மெசேஜ். கணக்கில் எந்தெந்தச் சாதனங்கள் நுழைந்திருக்கின்றன என்று காட்டும் பக்கம் இருந்தால் அதையும் எடுங்கள். எல்லாவற்றையும் எடுக்க எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது.

பிறகு ஓடரை ரத்துச் செய்யுங்கள். பொருள் கிடங்கை விட்டுக் கிளம்பும் வரைதான் ரத்துச் செய்யும் பொத்தான் இருக்கும். என் கைக்கடிகாரம் இரவு ஓடரானதால் காலை ஆறு மணிக்கும் கிளம்பவில்லை, ஒரே அழுத்தில் ரத்தானது. பரிசு அட்டை அப்படியில்லை. அது ஓர் இலக்கம் மட்டும்தான், வாங்கிய அடுத்த நிமிடமே யாரோ ஒருவருடைய மின்னஞ்சலுக்குப் போய்விடும். விளையாட்டு நாணயம், போன் ரீலோட் எல்லாமே இதே வகை. இவற்றை நாமே ரத்துச் செய்ய முடியாது, பெரும்பாலும் வங்கி வழியாகத்தான் திருப்பி எடுக்க வேண்டும்.

ரத்துச் செய்யும்போது பணத்தை எங்கே திருப்பித் தரவேண்டும் என்று கேட்கும். "செயலியின் வொலட்டில் உடனே, அட்டைக்கு என்றால் சில நாட்களில்" என்று இருக்கும். உடனே கிடைக்கட்டும் என்று வொலட்டைத் தொடாதீர்கள். கள்ளன் இன்னும் கணக்குக்குள்ளேயே இருந்தால் அந்தக் காசில் இன்னொரு பரிசு அட்டை வாங்கிவிடுவான். அதற்கு வங்கியும் பொறுப்பேற்காது, ஏனென்றால் வங்கிக் கணக்குப்படி காசு உங்களுக்குத் திரும்பிவிட்டது. எப்போதும் காசு போன அட்டைக்கே திருப்பச் சொல்லுங்கள். அந்த அட்டை நிறுத்தப்பட்டிருந்தாலும் பரவாயில்லை. அதே வங்கிக் கணக்கு திறந்திருந்தால் பெரும்பாலும் காசு அதற்கே வந்து சேரும். வரவில்லை என்றால் கிளையில் கேட்கலாம்.

4. முதலில் மின்னஞ்சல், அதற்குப் பிறகு ஷொப்பிங் கணக்கு

எல்லோரும் முதலில் ஷொப்பிங் கணக்கின் பாஸ்வேர்டைத்தான் மாற்றுவோம். நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் அந்தப் பாஸ்வேர்டை மீட்கும் கடிதம் வருவது மின்னஞ்சலுக்கு. மின்னஞ்சலும் அவன் கையில் இருந்தால் நீங்கள் மாற்ற மாற்ற அவனும் மாற்றிக்கொண்டே இருப்பான். ஆகவே மின்னஞ்சலைப் பூட்டிவிட்டு ஷொப்பிங் கணக்குக்கு வாருங்கள்.

ஜீமெயில் என்றால் `myaccount.google.com/security` என்ற பக்கத்துக்குப் போங்கள். புதிய பாஸ்வேர்ட் போடுங்கள். கீழே உங்கள் சாதனங்கள் என்ற பட்டியல் இருக்கும். தெரியாத போனோ கணினியோ இருந்தால் அதை வெளியேற்றுங்கள். மீட்பு இலக்கமும் மீட்பு மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். என்னுடையதில் நான்கு வருடத்துக்கு முன் கைவிட்ட பழைய சிம் இலக்கம் இருந்தது. பாவிக்காமல் விட்ட இலக்கத்தைத் தொலைபேசி நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அப்படியானால் என் மீட்புக் குறியீடு முன்பின் தெரியாத ஒருவருடைய போனுக்குத்தான் போகும்.

அடுத்ததைப் பலர் பார்ப்பதே இல்லை. மின்னஞ்சலுக்குள் நுழைந்தவன் ஒரு விதியை எழுதி வைத்துவிட்டுப் போகலாம்: "இந்தக் கடையிலிருந்து கடிதம் வந்தால் நேரே குப்பைக்குப் போ", அல்லது "எனக்கு ஒரு பிரதி அனுப்பு". பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி அப்படியே கிடக்கும். ஜீமெயிலின் போன் செயலியில் இது தெரியாது. கணினியில் திறக்க வேண்டும், அல்லது போனின் பிரவுசரில் டெஸ்க்டொப் பக்கமாக மாற்றித் திறக்க வேண்டும். அமைப்புகளுக்குள் `Filters and Blocked Addresses`, `Forwarding and POP/IMAP` என்ற இரண்டு பகுதிகளையும் பாருங்கள். நீங்கள் எழுதாதது ஏதும் இருந்தால் படம் பிடித்துவிட்டு அழியுங்கள்.

இப்போது ஷொப்பிங் கணக்கு. நான் விட்ட பெரிய பிழை இங்கேதான். காலை ஆறரைக்குப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, எல்லாம் சரி என்று தேநீர் போடப் போனேன். எட்டேகால் இருக்கும், போன் அதிர்ந்தது. "உங்கள் கட்டணம் ஏற்கப்படவில்லை." அதே கைக்கடிகாரம், அதே 118 டொலர். அட்டையை நிறுத்தியதால் காசு போகவில்லை, அவ்வளவுதான். பாஸ்வேர்ட் மாறிய பிறகும் அவன் எப்படி உள்ளே இருந்தான்? ஏற்கனவே நுழைந்திருக்கும் போனிடம் பல செயலிகள் மறுபடி பாஸ்வேர்ட் கேட்பதில்லை. கதவின் பூட்டை மாற்றினேன், உள்ளே இருந்த ஆளை வெளியே அனுப்பவில்லை.

ஆகவே பாஸ்வேர்டை மாற்றிய கையோடு `Sign out of all devices` என்பது போன்ற பொத்தானைத் தேடி அழுத்துங்கள். சில செயலிகளில் பாஸ்வேர்ட் மாற்றும்போதே அது ஒரு சிறிய பெட்டியாக இருக்கும், சரி போட வேண்டும். எங்கேயும் காணவில்லை என்றால் கஸ்டமர் கேரிடம் எழுத்தில் கேளுங்கள்: "என் கணக்கிலிருந்து எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றுங்கள்." உங்கள் போனும் வெளியேறும், திரும்ப நுழையலாம். அதற்குப் பிறகு பதிந்து வைத்த அட்டையை நீக்குங்கள், கள்ளன் சேர்த்த முகவரியையும் போன் இலக்கத்தையும் நீக்குங்கள். கூகுள் அல்லது பேஸ்புக் வழியாக நுழையும் இணைப்பு ஏதும் புதிதாகச் சேர்ந்திருந்தால் அதையும் துண்டியுங்கள்.

இரண்டாவது பூட்டும் போடுங்கள். பாஸ்வேர்டுக்கு மேல் ஓர் ஆறு இலக்கக் குறியீடு கேட்கும் முறை அது. மெசேஜில் வரும் குறியீட்டைவிட, போனில் உள்ள அங்கீகாரச் செயலி தரும் குறியீடு நல்லது, ஏனென்றால் சிம் கைமாறினாலும் அது உங்களிடமே இருக்கும். அப்போது தரும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி, அடையாள அட்டை வைக்கும் இடத்தில் வையுங்கள். போன் கிணற்றில் விழுந்தால் அந்தக் காகிதம்தான் வழி.

கள்ளன் உங்கள் மின்னஞ்சலையே கணக்கிலிருந்து மாற்றிவிட்டு உங்களை உள்ளே விடவில்லையா? பழைய முகவரிக்கு "உங்கள் மின்னஞ்சல் மாற்றப்பட்டது" என்று ஒரு கடிதம் வந்திருக்கும், குப்பைப் பெட்டியிலும் தேடுங்கள். அதில் தேதியும் நேரமும் இருக்கும். செயலியின் உதவிப் பக்கத்தில் அந்தப் படத்தையும் பழைய ஓடர் இலக்கம் இரண்டு மூன்றையும் கொடுத்தால் கணக்கு உங்களுடையது என்று காட்டலாம். பழைய ஓடர் இலக்கங்கள் உங்கள் மின்னஞ்சலில் கிடக்கும்.

எப்படி நுழைந்தான் என்று பிறகு பார்த்தேன். `haveibeenpwned.com` என்ற தளத்தில் என் மின்னஞ்சலைப் போட்டபோது, எப்போதோ பதிந்து மறந்துபோன வேறொரு தளத்தின் கசிவில் அது இருந்தது. அங்கேயும் ஷொப்பிங் செயலியிலும் ஒரே பாஸ்வேர்ட்தான். கசிந்த பட்டியலை எடுத்து நூறு கடைகளில் போட்டுப் பார்ப்பார்கள், எங்கே திறக்கிறதோ அங்கே நுழைவார்கள். அந்தப் பழைய பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் போட்டிருக்கிறீர்களோ அங்கெல்லாம் மாற்றுங்கள்.

5. நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லுங்கள்

செயலிக்குள்ளேயே உள்ள அரட்டையில் எழுதுங்கள். மூன்று நான்கு வரி போதும்: இன்ன நேரம், இன்ன ஓடர் இலக்கங்கள், என் அனுமதி இல்லாமல் என் கணக்குக்குள் யாரோ நுழைந்து போட்டவை, பரிசு அட்டையைச் செல்லாமல் ஆக்குங்கள். பரிசு அட்டை பாவிக்கப்படாமல் இருந்தால் அவர்களால் நிறுத்த முடியும். என்னுடையது பாவித்தாகிவிட்டது என்றார்கள்.

அவர்கள் கையை விரித்தாலும் வீணில்லை. முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள், உரையாடலைப் படம் பிடியுங்கள். "உங்கள் கணக்கில் வழக்கத்துக்கு மாறான நுழைவு இருந்தது" என்று அவர்கள் எழுதிய ஒரு வரி, பிறகு வங்கியில் எனக்கு மிகவும் உதவியது.

6. வங்கியில் மறுப்புப் படிவம்

கணக்கில் கழிந்த தொகையை ஏற்கவில்லை என்று வங்கிக்கு எழுதிக் கொடுப்பதுதான் மறுப்புப் படிவம். காசு திரும்புவதா இல்லையா என்பது இந்தப் படிவத்தில் இருக்கிறது. அவசரப்படாமல் வாசியுங்கள்.

வங்கிக் கணக்கில் ஒரு தொகை இரண்டு நிலையில் இருக்கும். முதலில் `Pending`, அதாவது காசு ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது, இன்னும் போகவில்லை. கடை கேட்டு எடுத்த பிறகு அது `Posted` ஆகும். ரத்துச் செய்த ஓடரின் காசு பெரும்பாலும் முதல் நிலையிலேயே விடுபட்டுத் திரும்பிவிடும். என் கைக்கடிகாரத்துக்கு ஒதுக்கிய 35,400 ரூபா ஒன்பதாம் நாள் தானாகவே திரும்பியது. அதற்குள் அதையும் மறுப்புப் படிவத்தில் எழுதியிருந்தால் இரண்டு வழியாலும் காசு வந்து, பிறகு ஷொப்பிங் நிறுவனம் என் கணக்கையே முடக்கியிருக்கலாம். ஆகவே ரத்தான ஓடரைத் தனியாக வையுங்கள். இரண்டு கிழமை பார்த்தும் வரவில்லை என்றால் மட்டும் அதற்குப் படிவம் கொடுங்கள்.

பரிசு அட்டைக் காசு செவ்வாய்க்கிழமை 15,640 ரூபாவாகக் கழிந்தது. புதன்கிழமை கிளைக்குப் போனேன். கொண்டுபோக வேண்டியவை:

- தேசிய அடையாள அட்டையும் அதன் போட்டோ கொப்பியும்
- அந்தத் தொகை தெரியும் ஸ்டேட்மென்ட், அல்லது வங்கிச் செயலியிலிருந்து அச்செடுத்த பக்கம்
- ஓடர், முகவரி, நிறுவனத்தோடு நடந்த உரையாடல் ஆகியவற்றின் படங்கள், அச்செடுத்து
- அட்டையை நிறுத்தியபோது தந்த முறைப்பாட்டு இலக்கம்
- பொலிஸ் முறைப்பாட்டின் விபரம், இருந்தால்

கடைத்தெருவில் அச்செடுக்கவும் கொப்பி எடுக்கவும் எல்லாமாக 200 ரூபாவுக்குள் முடிந்தது.

படிவம் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். நடுவில் காரணம் கேட்கும் பெட்டிகள் வரிசையாக இருக்கும். கவுன்டரில் இருந்த மிஸ் அன்பாகத்தான் உதவினார், ஆனால் "பொருள் கிடைக்கவில்லை" என்ற பெட்டியைக் காட்டி "இதைப் போடுங்கோ அக்கா, நீங்க ஒண்டும் எடுக்கல்லத்தானே" என்றார். கேட்கச் சரி போலத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காரணத்தைப் போட்டால் கடைக்காரர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இன்ன நேரம் இன்ன முகவரிக்குப் பொருளை அனுப்பிவிட்டோம் என்று காட்டுவது. பரிசு அட்டையை அவர்கள் உண்மையிலேயே அனுப்பியிருக்கிறார்கள். அத்தோடு உங்கள் முறைப்பாடு மூடப்படும். நீங்கள் சரி போட வேண்டியது "இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு நான் அனுமதி தரவில்லை" என்ற பெட்டிக்கு. அப்போதுதான் கேள்வி "அனுப்பினீர்களா" என்பதிலிருந்து "அட்டைக்காரர் சம்மதித்தாரா" என்று மாறும். விசாவும் மாஸ்டர்காட்டும் இந்த இரண்டையும் வேறு வேறு குறியீட்டில், வேறு வேறு விதிப்படி பார்க்கின்றன.

"அட்டை உங்கள் கையில் இருந்ததா", "ஓடிபி வந்ததா" என்றும் படிவம் கேட்கும். உள்ளபடி எழுதுங்கள். பல வெளிநாட்டுக் கடைகள் பதிந்து வைத்த அட்டைக்கு ஓடிபி கேட்பதில்லை. எனக்கும் வரவில்லை, அது எனக்குச் சாதகமாக இருந்தது. ஓடிபி உங்களுக்கு வந்து, அதை யாருக்கோ சொல்லியிருந்தால் வழக்குக் கடினமாகும். அதற்காக மறைக்காதீர்கள், எந்தச் சூழ்நிலையில் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். வங்கியிடம் எப்படியும் பதிவு இருக்கும்.

கால எல்லைக்கு வருவோம். அனுமதி இல்லாத கொடுக்கல் வாங்கலுக்கு விசா, மாஸ்டர்காட் விதிப்படி பொதுவாக 120 நாள் இருக்கிறது. ஆனால் அது வங்கிக்கும் வங்கிக்கும் இடையிலான எல்லை. உங்கள் வங்கி தன் நிபந்தனையில் இதைவிடக் குறுகிய நாள் வைத்திருக்கலாம். முதல் கிழமைக்குள் கொடுத்துவிட்டால் இந்தக் கணக்கே தேவையில்லை. கொடுத்த படிவத்தில் திகதி முத்திரை அடித்து ஒரு கொப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள். மறுப்பு தோற்றால் கட்டணம் ஏதும் உண்டா, புதிய அட்டைக்கு எவ்வளவு என்றும் அங்கேயே கேளுங்கள். வங்கிக்கு வங்கி மாறும். என்னிடம் புதிய அட்டைக்கு 1,000 ரூபா எடுத்தார்கள், பத்து நாளில் தபாலில் வந்தது.

கடன் அட்டை என்றால் ஒரு சிறு எச்சரிக்கை: மறுத்த தொகையைத் தவிர மற்றச் செலவுகளை வழக்கம்போல் கட்டுங்கள். முழுவதையும் கட்டாமல் விட்டால் வட்டி ஏறும்.

நாற்பத்தேழாம் நாள் காசு வந்தது. பார்த்தால் 15,185 ரூபா. கழிந்ததற்கும் வந்ததற்கும் 455 ரூபா வித்தியாசம். அது வெளிநாட்டு நாணயத்துக்காக வங்கி எடுத்த கட்டணம். நான் செய்யாத கொள்வனவுக்குக் கட்டணம் எடுப்பது சரியில்லை என்று ஒரு பக்கக் கடிதம் கொடுத்தேன். ஆறு நாளில் அதுவும் வந்தது. கேட்காவிட்டால் வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஆகவே வந்த தொகையை ரூபா சதம் வரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

7. பொலிசும் மற்ற இடங்களும்

எல்லா வங்கியும் பொலிஸ் முறைப்பாடு கேட்பதில்லை. ஆனாலும் போட்டு வைப்பது நல்லது, முக்கியமாகத் தொகை பெரிதாக இருந்தால், அல்லது பொருள் போன முகவரி நம் நாட்டுக்குள் இருந்தால். அடுத்தவருடைய கணக்குக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்திலேயே சொல்லலாம், தமிழில் எழுதிக் கொடுக்கலாம். நான் வீட்டிலேயே ஒரு பக்கத்தில் திகதி, நேரம், ஓடர் இலக்கம், தொகை என்று வரிசையாக எழுதிக்கொண்டு போனேன். அதைப் பார்த்து எழுதியதால் ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. பதிவுப் புத்தகத்தின் இலக்கத்தையும் திகதியையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

கணக்கை மீட்பதில் ஆலோசனை வேண்டுமென்றால் இலங்கையின் கணினி அவசரப் பிரிவுக்கு 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். அவர்கள் வழி சொல்வார்கள், காசை மீட்டுத் தரும் இடம் அதுவல்ல.

வங்கி இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவு இருக்கிறது, இலக்கம் 1935. ஆனால் முதலில் வங்கியிடம் எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும். முத்திரை அடித்த கொப்பி வாங்கச் சொன்னது இதற்காகவும்தான்.

8. வீட்டு வாசலுக்கு வரும் பார்சல்

இது வேறு வகை, ஆனால் எங்கள் பக்கம் இதுவும் நடக்கிறது. அட்டை இல்லை, "பொருள் வந்ததும் காசு" என்ற ஓடர், உங்கள் பெயர், உங்கள் போன் இலக்கம். நான் கடையில் இருக்கும் நேரம் ஒரு நாள் பார்சல் வந்தது. அம்மா என்னுடையதுதான் என்று 2,350 ரூபாவைக் கொடுத்து வாங்கிவிட்டார். பிரித்தால் மலிவான மின்விளக்கு ஒன்று. கூரியர் தம்பியைக் கேட்டு என்ன பயன், அவருக்கு எதுவும் தெரியாது.

பார்சல் வந்தால் பிரிக்கும் முன், காசு கொடுக்கும் முன், உங்கள் செயலியில் அந்த ஓடர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் கணக்கில் ஆள் நுழைந்திருக்கிறான், மேலே சொன்ன நான்காம் படியை உடனே செய்யுங்கள். இல்லையென்றால் உங்கள் பெயரும் முகவரியும் மட்டும் எங்கோ கசிந்திருக்கிறது. இரண்டிலும் பார்சலை ஏற்காமல் திருப்பி அனுப்பலாம், அதற்கு நீங்கள் எதுவும் கொடுக்கத் தேவையில்லை. பார்சலின் மேல் ஒட்டிய தாளைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள், அனுப்பியவரின் பெயரும் கண்காணிப்பு இலக்கமும் அதில் இருக்கும். "ரத்துச் செய்ய ஓடிபி சொல்லுங்கள்" என்று யாராவது போனில் கேட்டால் சொல்லாதீர்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பார்சல் வருவதாக இருந்தால் காலையிலேயே தொகையை ஒரு துண்டில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுவேன். துண்டு இல்லையென்றால் அம்மா வாங்குவதில்லை.

9. அடுத்த மூன்று மாதம்

புதிய அட்டை வந்ததும் அதைச் செயலியில் பதியவில்லை. ஒவ்வொரு முறையும் இலக்கத்தை அடிக்கிறேன், ஒரு நிமிடம்தான் கூடுகிறது. வங்கிச் செயலியில் வெளிநாட்டு இணையக் கொள்வனவை மூடி வைத்திருக்கிறேன். சாமான் எடுக்கும்போது திறந்து, முடிந்ததும் மூடுவேன். சின்னத் தொகைக்கும் மெசேஜ் வரும்படி மாற்றியிருக்கிறேன், ஏனென்றால் அட்டை வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் ஒன்று இரண்டு டொலர்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

ஸ்டேட்மென்டை மூன்று மாதம் தொடர்ந்து பாருங்கள். மறுப்பில் தற்காலிகமாகத் திருப்பித் தந்த காசை, கடை எதிர்த்து வாதாடினால் வங்கி மீண்டும் எடுக்க முடியும். அப்படி எடுத்தால் கடை என்ன சாட்சி கொடுத்தது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்ல வங்கி தரும் நாட்கள் குறைவாகவே இருக்கும். அதனால் அச்செடுத்த படங்களை வழக்கு மூடப்பட்டது என்று எழுத்தில் வரும் வரை எறிந்துவிடாதீர்கள்.